ஐந்தரை பாசிமாலை

கிதர் முகம்மது அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, அங்கே மதிக்கத் தகுந்தவர் யாரும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். முதல்வர் ஒரு வரவேற்புப் பத்திரம் வாசிப்பவர். தமிழாசிரியர் அடுக்குமொழி பேசி வயிறு வளர்ப்பவர். இயற்பியல் அப்துல் வாஹித் நல்ல மனுஷன், ஆனால் நல்ல மனுஷன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கணிதத் துறைத் தலைவர் மலைச்சாமியைப் பற்றி யோசிக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்குக் கீழே வேலை பார்ப்பதை நினைத்து.

மெட்ராஸில் கணிதத்தில், குலக்கோட்பாடு என்ற பிரிவில் ஆராய்ச்சி செய்யப் போனவன் கிதர். வழிகாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டம் வாங்காமல் திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டான். சண்டைக்குக் காரணம் வழிகாட்டியின் நிரூபணம் ஒன்றை நாலு பேர் முன்னால் 'பள்ளிக்கூடத்துப் பையன் வேலை' என்று இவன் சொன்னது. பேகம்பூரில் அவனுடைய அத்தா நைனா முகமது தோல் மண்டி வைத்திருந்தார். மகன் மண்டிப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்து, இவனுக்குக் கல்லூரியே சரி என்று விட்டுவிட்டார்.

கல்லூரி தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டடம் பாதியில் நின்றது. கணிதத் துறைக்குக் கிடைத்தது ஒரு நீளமான கூடம், நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் கிதர் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு நடத்துவான். அந்தப் பக்கம் மலைச்சாமி பி.எஸ்ஸி. இறுதியாண்டுக்கு நடத்துவார். இவன் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், அவர் பேசுவது ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

மலைச்சாமி சேவுகம்பட்டிக்காரர். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு பஸ் பிடித்து வருவார். வேட்டி ஓரத்தில் சில நாள் சேறு இருக்கும். கணக்கு முடிந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்து, கையைத் தட்டி, "இம்புட்டுத்தான் கணக்கு, இதுல என்ன பயம்" என்பார். கிதருக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டால் உடம்பு கூசும்.

ஜூலை மாதத்தில் ஒருநாள் அவர் வட்டத்தில் அடுக்கும் கணக்குகள் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லித் தருவதாகப் பெருமையோடு அறிவித்தார். ஒரு பாசிமாலையில் ஐந்து பாசிமணி. ஒவ்வொன்றும் சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கலாம். மாலையைச் சுற்றினால் ஒன்றுபோல வருவதெல்லாம் ஒரே மாலை. அப்படியானால் எத்தனை விதமான மாலை உண்டு?

மொத்தம் முப்பத்திரண்டு விதமாக நிறம் கொடுக்கலாம் என்றார். எல்லாம் சிவப்பு, எல்லாம் வெள்ளை, இந்த இரண்டும் தனி. மீதி முப்பது. அதில் ஒவ்வொன்றையும் சுற்றினால் ஐந்து வெவ்வேறு வரிசையாக வரும், அதனால் முப்பதை ஐந்தால் வகுத்தால் ஆறு. ஆறும் இரண்டும் எட்டு. அதுவரை சரி. கிதர்கூடத் தலையாட்டினான்.

பிறகு மலைச்சாமி அதையே சூத்திரமாக்கினார். எத்தனை பாசியானாலும், எத்தனை நிறமானாலும் இதே வழிதான் என்றார். ஆறு பாசி, மூன்று நிறம் என்று எடுத்துக்கொண்டார். எழுநூற்று இருபத்தொன்பதில் மூன்றைக் கழித்து, ஆறால் வகுத்து, மூன்றைக் கூட்டி, "நூத்தி இருபத்தி நாலு. இம்புட்டுத்தான் கணக்கு" என்றார்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் கிதர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஐந்து பகா எண், அதனால் அங்கே அந்த வழி செல்லும். ஆறு பகா எண் இல்லை. சிவப்பு வெள்ளை சிவப்பு வெள்ளை என்று மாறி மாறிக் கோத்த மாலையை எத்தனை முறை சுற்றினாலும் இரண்டு வரிசைதான் வரும், ஆறு வராது. அது அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. வகுத்தால் மீதியில்லாமல் வந்துவிட்டது, அதனால் சரி என்று நினைத்துவிட்டார். சரியான விடை நூற்று முப்பது என்று கிதர் அங்கே உட்கார்ந்தபடியே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டான்.

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் அவன் இதை அப்துல் வாஹித்திடம் சொல்லிச் சிரித்தான். மலைச்சாமியின் குரலிலேயே சொல்லிக் காட்டினான். வாஹித் கொஞ்சம் சிரித்துவிட்டு, அவரிடம் சொல்லிவிடலாமே, பிள்ளைகள் தப்பாகப் படிப்பார்களே என்றார். அவரிடம் சொன்னால் அவருக்குப் புரிய வைக்க ஒரு வருஷம் ஆகும் என்றான் கிதர். அதோடு மார்ச்சில் கணிதக் கழக விழா வருகிறது, மதுரையிலிருந்து பெரிய பேராசிரியர் வருகிறார், அன்றைக்கு மலைச்சாமி இதே கணக்கைப் பேசட்டும், அப்போது எழுந்து ஒரு கேள்வி கேட்டால் போதும் என்றும் சொன்னான். வாஹித் அத்தோடு விட்டுவிட்டார். வம்பு வேண்டாம் என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு.

அந்த இறுதியாண்டு வகுப்பில் வீரலட்சுமி என்று ஒரு பெண். சின்னாளபட்டி நெசவுக்காரர் ஆண்டிச்சாமியின் மகள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று கிதரே ஒப்புக்கொள்வான், கொஞ்சம் தயக்கத்தோடு. மெட்ராஸில் ஒரு கணித ஆய்வு நிலையம் உதவித்தொகையோடு மேற்படிப்புக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பம் போடச் சொல்லி, முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, அவளுடைய அப்பாவை வீடு தேடிப் போய்ச் சம்மதிக்க வைத்தவர் மலைச்சாமி. பெண்ணை அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியாது என்ற அம்மா ஒச்சம்மாளிடம், தன் பெண்ணாக இருந்தால் அனுப்புவேன் என்று அவர் சொன்னாராம். இதைக் கேள்விப்பட்ட கிதர், கணக்குத் தெரியாதவருக்குத் தரகு வேலை நன்றாக வருகிறது என்றான்.

ஜனவரியில் பொங்கல் முடிந்து வீரலட்சுமி அப்பாவோடு மெட்ராஸுக்கு ரயிலேறினாள். எழுத்துத் தேர்வு அவளுக்கு நன்றாகவே போயிற்று. ஒரு கேள்வி மட்டும் பாசிமாலைக் கணக்கு: ஆறு பாசி, மூன்று நிறம், சுற்றினால் ஒன்றாவதை ஒன்றாக எண்ணு. அவளுக்கு ஒரே சந்தோஷம். நூற்று இருபத்து நாலு என்று எழுதி, சூத்திரத்தையும் எழுதினாள்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளுடைய விடைத்தாளைப் பார்த்துவிட்டு, இந்தச் சூத்திரம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். எங்கள் சார் என்றாள். அப்படியானால் நாலு பாசி, இரண்டு நிறத்துக்கு இதே வழியில் போடு என்றார் அவர். அவள் கரும்பலகைக்குப் போனாள். பதினாறில் இரண்டு போனால் பதினாலு. நாலால் வகுத்தால் மூன்றரை. இரண்டைக் கூட்டினால் ஐந்தரை. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஓரத்தில் இருந்தவர் சாய்ந்து உட்கார்ந்து, "அந்த அரை மாலையை உங்க ஊர்ல யார் கழுத்துல போட்டுக்குவாங்க?" என்று கேட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அடக்கிச் சிரிக்கவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. சாக்பீஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். வெளியே மரநிழலில் காத்திருந்த ஆண்டிச்சாமி, நல்லா சொன்னியா என்று கேட்டார். சொன்னேன்ப்பா என்றாள்.

திரும்பி வருகிற ரயிலில் அவள் அழவில்லை. ரயில் அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் நாலு பாசி மாலைகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். எல்லாம் சிவப்பு. எல்லாம் வெள்ளை. ஒரு வெள்ளை. மூன்று வெள்ளை. இரண்டு வெள்ளை பக்கத்தில் பக்கத்தில். இரண்டு வெள்ளை எதிரெதிரே. ஆறு. ஐந்தரை இல்லை, ஆறு. அந்தக் கடைசி மாலையைச் சுற்றினால் இரண்டு வரிசைதான் வருகிறது, நாலு வரவில்லை. தப்பு இருக்கும் இடம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

அதே மாதிரி ஆறு பாசிக்கும் பிரித்துப் பார்த்தாள். ஒரே நிறமானது மூன்று வரிசை, அது மூன்று மாலை. இரண்டு பாசிக்கு ஒருமுறை திரும்ப வருவது ஆறு வரிசை, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று மாலை. மூன்று பாசிக்கு ஒருமுறை திரும்ப வருவது இருபத்து நாலு வரிசை, மூன்று மூன்றாகச் சேர்ந்து எட்டு மாலை. எதுவும் திரும்ப வராத மீதி அறுநூற்றுத் தொண்ணூற்றாறு வரிசை, ஆறாறாகச் சேர்ந்து நூற்றுப் பதினாறு மாலை. கூட்டினால் நூற்று முப்பது.

திண்டுக்கல் வந்து சேர்ந்த பிறகு அவள் மலைச்சாமியிடம் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியவர், தெரியாததை ஏன் சொல்லிக்கொடுக்க வந்தார் என்று நினைத்தாள். தான் பிரித்து எண்ணியது சரியா என்று கேட்க, சாயங்காலம் வகுப்புகள் விட்ட பிறகு கிதரிடம் போனாள்.

அவன் காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப் பிரித்து எண்ணுவது சரிதான், ஆனால் கூலிக்காரன் வழி என்றான். எழுந்து போய்ப் பலகையில் எழுதினான்.

ஆறு பாசி மாலைக்கு ஆறு சுழற்சிகள். சும்மா இருப்பதும் ஒரு சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியும் எத்தனை வரிசைகளை அப்படியே மாறாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். சும்மா இருந்தால் எழுநூற்று இருபத்தொன்பதும் மாறாது. ஒரு பாசி தள்ளினால், எல்லாம் ஒரே நிறமாக இருந்தால்தான் மாறாது, அது மூன்று. இரண்டு தள்ளினால் ஒன்பது. மூன்று தள்ளினால் இருபத்தேழு. நாலு தள்ளினால் மறுபடி ஒன்பது. ஐந்து தள்ளினால் மூன்று. கூட்டினால் எழுநூற்று எண்பது. ஆறால் வகுத்துச் சராசரி எடுத்தால் நூற்று முப்பது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ரயிலில் இரவு முழுக்கப் போட்டது ஒரே வரியில் வந்துவிட்டது. எழுநூற்று இருபத்தொன்பதை ஆறால் வகுத்தால் மீதியில்லாமல் வராதது, எழுநூற்று எண்பதை வகுத்தால் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டாள்.

கேள்வி கிதருக்குப் பிடித்துப் போயிற்று. ஒவ்வொரு மாலையும் இந்தக் கூட்டுத்தொகையில் சரியாக ஆறு இடம் பிடிக்கிறது, அதுதான் விஷயம் என்றான். சாதாரண மாலைக்கு ஆறு வரிசை. ஒவ்வொன்றையும் மாறாமல் விடுவது சும்மா இருப்பது ஒன்றுதான். ஆறு தடவை ஒன்று, ஆறு. சிவப்பு வெள்ளை மாறி மாறி வரும் மாலைக்கு இரண்டே வரிசை. ஆனால் ஒவ்வொன்றையும் மூன்று சுழற்சிகள் மாறாமல் விடுகின்றன. இரண்டு தடவை மூன்று, அதுவும் ஆறு. ஒரே நிற மாலைக்கு ஒரே வரிசை, ஆறு சுழற்சிகளும் அதை மாற்றாது. அதுவும் ஆறு. வரிசை குறைந்த மாலை, மாறாமல் நிற்பதில் ஈடுகட்டிவிடுகிறது.

சொல்லி முடித்ததும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தான், கையைத் தட்டினான், மலைச்சாமியின் குரலில், "நூத்தி இருபத்தி நாலு. இம்புட்டுத்தான் கணக்கு, இதுல என்ன பயம்" என்றான்.

வீரலட்சுமி சிரிக்கவில்லை. நூற்று இருபத்து நாலு என்று அவள் அவனிடம் சொல்லவே இல்லை. நூற்று முப்பது சரியா என்றுதான் கேட்டிருந்தாள்.

"அவர் எங்களுக்கு இத நடத்தினது உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பலகைத் தடுப்புதானே நடுவுல. எல்லாம் கேக்கும்."

"அப்ப ஜூலையிலயே தெரியும்."

அவன் தோளைக் குலுக்கினான். அந்த ஆளிடம் சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை, விழாவில் பேசட்டும் என்று விட்டுவைத்தேன் என்றான். அவள் மெட்ராஸில் என்ன நடந்தது என்று சொன்னாள். ஐந்தரை என்று பலகையில் எழுதியதையும், அரை மாலையை யார் போட்டுக்குவாங்க என்று கேட்டதையும் சொன்னாள். குரல் உயரவில்லை. கிதர் சிகரெட்டை அணைத்தான். அது தேர்வில் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றான். கொஞ்சம் பொறுத்து, அடுத்த வருஷம் மறுபடி எழுதலாம், நானே சொல்லித் தருகிறேன் என்றான்.

"அவருக்குத் தெரியாது, அதனால தப்பாச் சொன்னாரு" என்றாள் அவள். "நீங்க தெரிஞ்சுகிட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்காந்து சிரிச்சிருக்கீங்க. உங்ககிட்ட நான் எதுக்கு சார் படிக்கணும்?"

பலகையில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு அவள் போய்விட்டாள். ஒரு மாணவி தன்னிடம் இப்படிப் பேசியதை நம்ப முடியாமல் அவன் வெகு நேரம் அங்கேயே நின்றான். பிறகு, சின்னாளபட்டித் தறிக்காரன் மகளுக்கு இவ்வளவு திமிரா என்று சொல்லிக்கொண்டான். சொன்ன பிறகும் மனம் சமாதானமாகவில்லை.

மறுநாள் காலை அவள் மலைச்சாமியின் அறைக்குப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி, மெட்ராஸில் சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்பது. அவள் நேர்காணலில் நடந்ததையும் கணக்கையும் சொன்னாள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மெட்ராஸ்காரர்கள் வேண்டுமென்று குழப்புவார்கள் என்றார். இந்தக் கல்லூரி வருவதற்கு முன்பிருந்தே, இருபது வருஷமாக நடத்துகிறேன் என்றார். அவள் நாலு பாசி மாலை ஆறையும் வரைந்து, அவர் சூத்திரத்தில் வரும் ஐந்தரையைப் பக்கத்தில் எழுதினாள். அவர் ஏழாவது மாலை ஒன்று கிடைக்குமா என்று பார்த்தார், ஆறில் ஒன்றைக் கழிக்க முடியுமா என்றும் பார்த்தார். இரண்டும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இதுனாலதான் போச்சாம்மா?"

அவள் ஆமாம் என்றாள். கிதர் சார்தான் சரியான வழி சொன்னார் என்று மட்டும் அவள் சொன்னாள். ஜூலையிலிருந்தே அவனுக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அவனைக் காப்பாற்ற அல்ல. அவனைப் பற்றிப் பேசவே அவளுக்கு விருப்பமில்லை.

அன்று முதல் மணியில் கிதர் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டான். ஜூலையில் பாசிமாலைக்குத் தான் சொன்ன சூத்திரம் தப்பு என்று மலைச்சாமி சொன்னார். பாசி எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் அது சரி, மற்றதுக்குச் செல்லாது, அதைப் பார்க்காமல் நடத்திவிட்டேன், அதனால் நம் வகுப்புப் பிள்ளை ஒன்று மெட்ராஸில் தலைகுனிய வேண்டியதாகிவிட்டது என்றார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் அதட்டவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

பிறகு தடுப்பின் ஓரத்தில் அவர் முகம் தெரிந்தது. "தம்பி, செத்த நேரம் இங்கிட்டு வாங்க. அந்தச் சராசரி எடுக்குற வழிய நீங்களே புள்ளைகளுக்குச் சொல்லுங்க. எனக்கும் அது வெளங்கணும்."

கிதர் போனான். போகாமலிருக்க வழியில்லை. மலைச்சாமி முன்பெஞ்சில், மாணவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கிதர் நன்றாகவே நடத்தினான், எப்போதும் போல. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் வியப்பார்களோ அந்த இடத்தில் நிறுத்த அவனால் முடியவில்லை. வீரலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதவும் இல்லை, கவனிக்கவும் இல்லை. தெருவில் எதையோ விற்றுக்கொண்டு போகிறவனைப் பார்ப்பதுபோல ஒரு தடவை இவனைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நூற்று முப்பது வந்ததும் மலைச்சாமி கையைத் தூக்கினார்.

"சுத்துறது சரி தம்பி. மாலையக் கழட்டித் திருப்பிப் போட்டா? அப்பவும் அதே மாலைதான?"

அந்த வகுப்பில் அன்று கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான். கிதருக்கு அது தெரிந்தது. தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. திருப்புவதையும் சேர்த்தால் ஆறுக்குப் பதில் பன்னிரண்டு அசைவுகள் என்றான். எதிரெதிர் பாசி இரண்டின் வழியாகத் திருப்புவது மூன்று, ஒவ்வொன்றும் எண்பத்தொரு வரிசைகளை மாறாமல் விடும். பாசிகளுக்கு நடுவே திருப்புவது மூன்று, ஒவ்வொன்றும் இருபத்தேழு. எழுநூற்று எண்பதோடு அவற்றைக் கூட்டினால் ஆயிரத்து நூற்று நாலு, பன்னிரண்டால் வகுத்தால் தொண்ணூற்றிரண்டு. மலைச்சாமி அதை மெதுவாகத் தானும் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான சங்கதியை இவ்வளவு நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று பக்கத்திலிருந்த மாணவனிடம் சொன்னார். கிதரிடம், நீங்க வந்தது இந்தத் துறைக்கு நல்லது தம்பி என்றார். அதில் குத்தல் இருக்கிறதா என்று கிதர் அவர் முகத்தில் தேடினான். இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் விழாவில் மலைச்சாமி பேசவில்லை. பாசிமாலைக் கணக்கை வீரலட்சுமி பேசினாள். மதுரைப் பேராசிரியர் பாராட்டினார். யாரிடம் படித்தாய் என்று அவர் கேட்டபோது, மலைச்சாமி சாரிடம் என்றாள். கிதர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினான். பக்கத்தில் இருந்த அப்துல் வாஹித் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மெட்ராஸ் இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த வருஷம் மதுரையில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். விடுமுறைக்கு வரும்போது சேவுகம்பட்டிக்குப் போய் மலைச்சாமியைப் பார்ப்பாள். அவர் வாழைக்குலை ஒன்றைச் சுமக்க முடியாமல் சுமக்க வைத்து அனுப்புவார். கிதரை ஒரு தடவை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் எதிரே பார்த்தாள். அவன் நின்று, படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டான். நல்லாப் போகுது சார் என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.